கியாய் என்றால் கத்துவதல்ல

எனக்குக் கோபம் வராது. சத்தம்தான் கொஞ்சம் கூட. இருபத்து நான்கு வருடங்களாக இதை என் மனைவிக்கு விளங்கப்படுத்தி வருகிறேன். விளங்கப்படுத்தும்போதும் கத்திக்கொண்டுதான் விளங்கப்படுத்துகிறேன் என்பது அவளுடைய முறைப்பாடு.

காரணம் தொழில். கரவெட்டியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவது வேலை. ஓடுகிற இயந்திரத்துக்கு மேலால் பேசிப் பேசி என் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டால் பக்கத்து வீட்டிலும் அடுப்பு மூட்டுவார்கள் என்று மனைவி சொல்வாள். பகிடி விடுவதில் அவள் கெட்டிக்காரி. என்ன, எல்லாவற்றையும் மெதுவாகவே சொல்வாள், நான் பாதியைக் கேட்பதில்லை.

பிரஷர் ஏறியது. டொக்டர், "நடவுங்கோ, கோபப்படாதேங்கோ" என்றார். "எனக்கு ஆர் சொன்னது கோபம் வருமெண்டு?" என்று கேட்டேன். வெளியே வரிசையில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வரும் வழியில்தான் சொன்னாள், சனசமூக நிலைய மண்டபத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கராட்டி வகுப்புத் தொடங்கியிருக்கிறதாம், இரண்டு பேருமாகப் போவோமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் எனக்காக மட்டும் கேட்கவில்லை.

படிப்பிப்பவர் வங்கியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை. வயது முப்பது வராது. நாங்கள் அவரைச் சென்செய் என்று கூப்பிட வேண்டும். முதல் நாளே எங்கள் பதினான்கு பேரிடமும் தும்புத்தடியைக் கொடுத்து மண்டபத்தைக் கூட்ட வைத்தார். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் செருப்பைக் கழற்றச் சொல்லி, வாசலில் நின்று உள்ளே பார்த்துக் குனிந்து வணங்கச் சொன்னார். உள்ளே அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகளும், செவ்வாய்க்கிழமைகளில் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் தராசும் மட்டும்தான் இருந்தன.

"பிள்ளை, ஆருக்குக் கும்பிடுறது? உள்ளை ஒரு சீவனும் இல்லையே" என்று கேட்டேன்.

"ஆளுக்கு இல்லை அங்கிள், இடத்துக்கு. இது இப்ப டோஜோ. 'டோ' எண்டால் வழி, 'ஜோ' எண்டால் இடம். வழியைப் பழகிற இடம்."

"எந்த வழி? பருத்தித்துறை வழியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையும் கோபிக்கவில்லை. அந்தச் சொல் சண்டைக்காரர்களிடமிருந்து வந்ததல்ல என்றார். புத்தர் மரத்தடியில் ஞானம் பெற்ற இடத்துக்குச் சமஸ்கிருதத்தில் ஒரு பெயர் இருந்ததாம். அதைச் சீனாவில் மொழிபெயர்த்தபோது 'வழியின் இடம்' என்று எழுதினார்களாம். அது ஜப்பானுக்குப் போய், துறவிகள் தியானம் பழகும் மண்டபத்துக்குப் பெயராகி, அதற்குப் பிறகுதான் வாளும் கையும் பழகும் இடத்துக்கு வந்ததாம். "கட்டடத்துக்குப் பேர் இல்லை அங்கிள். எங்கை கூட்டித் துப்புரவாக்கி, மரியாதையோடை நிண்டு பழகிறமோ, அந்த இடம் டோஜோ. நாளைக்கு மருதமரத்துக்குக் கீழை பழகினால் அதுவும் டோஜோதான்."

மனைவி இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினாள். பள்ளியில் சாதாரண தரம் படித்த காலத்துக்குப் பிறகு அவள் ஒரு கொப்பி வாங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே கியாயும் வந்தது. குத்தும்போது ஒரு சத்தம் விட வேண்டும் என்றார் சென்செய். சத்தமோ! என் பாடம் அல்லவா அது. குத்தினேன், "டேய்!" என்று ஒரு சத்தம் விட்டேன். வெளியே சைக்கிளில் போன ஒருவர் பிரேக் பிடித்து நின்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற இளைப்பாறிய தபாலதிபர், பாவம், "கியாய்!" என்றே கத்தினார்.

"ஐயா, அது அந்தச் செயலின்ரை பேர். தும்மல் வந்தால் 'தும்மல்' எண்டு கத்துவியளோ?" என்றார் சென்செய். பிறகு என்னிடம் திரும்பினார். "அங்கிள், உங்கடை சத்தம் பெரிசு. ஆனால் அது கியாய் இல்லை. அது தொண்டை. 'கி' எண்டால் மூச்சு, உயிர்ச்சக்தி. 'ஆய்' எண்டால் சேருறது. மூச்சும் மனமும் கையும் ஒரே கணத்திலை ஒண்டாய்ச் சேர வேணும். அப்பிடிச் சேரேக்கை அடிவயிறு இறுகும், மூச்சு வெளியிலை வரும். அந்த மூச்சின்ரை சத்தம்தான் கேக்கிறது. நீங்கள் ஆரையோ ஏசிற மாதிரி இருக்கு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், என் சத்தம் சரியில்லை என்று ஒரு பிள்ளை சொல்கிறது! ஆனாலும் அடுத்த வகுப்புக்கும் போனேன். உண்மையைச் சொன்னால், கட்டா எனக்குப் பிடித்துப் போயிற்று.

கட்டா என்றால் வடிவம். அதை இரண்டு எழுத்தில் எழுதுவார்களாம். ஓர் எழுத்துக்குக் கண்ணால் காணும் வடிவம் என்று பொருள், மற்றதற்கு வார்ப்பு அச்சு என்று பொருள். இந்த இரண்டாவதைக் கேட்டதும் நான் நிமிர்ந்துவிட்டேன். அச்சைப் பற்றி எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அச்சு ஒரு நூல் பிசகினால் வார்க்கிற அத்தனையும் பிசகும். எதிரே எதிரி நிற்பதாக நினைத்து, ஒழுங்கு மாறாமல் தடுத்தும் குத்தியும் திரும்பியும் போகிற வரிசைதான் கட்டா. எங்களுடைய முதல் கட்டாவில் இருபத்தொரு அசைவுகள். ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் மட்டும் கியாய். அதன் பெயர் ஹெய்யான் ஷோடான். ஹெய்யான் என்றால் அமைதியாம். மனைவி அதைக் கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் நன்றாகச் செய்தாள். கொஞ்சம் பொறாமை வருகிற அளவுக்கு நன்றாகச் செய்தாள். இடுப்பில் கட்டும் முதல் பட்டிக்கான சோதனை வைக்கப்போகிறோம், வவுனியாவிலிருந்து பரீட்சகர் வருவார் என்று சென்செய் சொன்ன அன்றே, கராட்டிக்குப் போடும் வெள்ளை உடுப்பைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்தாள். "எனக்கெண்டு ஒரு சேட்டிபிக்கற் எடுத்து எத்தினை வருசம்" என்று உடுப்பிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்கு அடுத்த வகுப்பில்தான் நான் எல்லாவற்றையும் குழப்பினேன்.

வரிசையாக நின்று, முன்சுவரைப் பார்த்துக் கட்டா செய்துகொண்டிருந்தோம். வழக்கமாக இடக்கோடியில் நிற்கிற எனக்கு அன்றைக்கு மனைவி இடப்பக்கம். கையை மேலே உயர்த்தித் தடுத்துக்கொண்டு மூன்று அடி முன்னேறி, மூன்றாவதில் கியாய். அது ஒன்பதாவது அசைவு. அதோடு ஒரு திருப்பம் வரும். நான் டக்கென்று இடப்பக்கம் திரும்பி, கீழே தடுத்து, ஓர் அடி வைத்துக் குத்தினேன். பார்த்தால் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு குத்தி நிற்கிறாள்! என் கை அவள் தோளில், அவள் கை என் நெஞ்சில். இரண்டு பேரும் தடுமாறினோம்.

"கோதாரி! எந்தப் பக்கம் திரும்பிறீர்? ஒரு மாசமாய்ப் பழகி இதுகூடத் தெரியேல்லையே? மூளை எங்கை?"

சொல்லி முடித்த பிறகுதான் மண்டபம் எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று தெரிந்தது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். மனைவி உடுப்பைச் சரிசெய்தாள். முன்பக்கம் குனிந்தாள், சென்செய்க்குக் குனிந்தாள், வாசலில் திரும்பி மண்டபத்துக்கும் குனிந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

அதோடு எங்களுக்குள் கதைபேச்சு நின்றது. சோறு வந்தது, தேநீர் வந்தது, சொல் வரவில்லை. வெள்ளை உடுப்பு அலுமாரிக்குள் போய்விட்டது. சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? "பிழையைப் பிழையெண்டு சொல்லக் கூடாதோ?" என்று குசினி வாசலில் நின்று கத்தினேன். அவள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள்.

அடுத்த வகுப்புக்குத் தனியாகப் போனேன். சென்செய் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"அன்ரி சோதினைக்கு வரமாட்டாவோ?"

"அவவுக்கு ரோசம். பிழை விட்டால் ஆரும் சொல்லத்தானே வேணும்."

"பிழை ஆர் விட்டது?"

"அவதான்."

"அப்பிடியோ?" அவர் ஒன்றும் வாதாடவில்லை. "வீட்டிலை தனியச் செய்து பாருங்கோ அங்கிள். ஒருத்தரையும் பாத்துச் செய்யாதேங்கோ. இந்தக் கட்டா தொடங்கின இடத்திலையே முடிய வேணும். வடிவம் சரியெண்டால் அது உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்."

அடுத்த நாள் பின்னேரம் கிணற்றடிக்குப் பக்கத்தில் முற்றத்தைக் கூட்டினேன். செருப்பைக் கழற்றினேன். தடியால் ஒரு கோடு கீறி அதன்மேல் நின்று, எதிரே இருந்த தகர வேலியைப் பார்த்துக் குனிந்தேன். குசினி யன்னலில் அவள் தெரிந்தாள். ஆளைத் திருத்திக் காட்டுகிறேன் பார் என்று எனக்குள் ஒரு வீறாப்பு.

மூன்று அடி முன்னேற்றம், கியாய், இடப்பக்கம் திருப்பம், குத்து, எதிர்ப்பக்கம் திருப்பம், குத்து. பிறகு மறுபடி இடப்பக்கம் திரும்பி மூன்று குத்து. முதல் குத்தில் வேலிக்கு அருகே வந்தேன். இரண்டாவது குத்து தகரத்தில் 'டமார்' என்று விழுந்தது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாடு தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது.

தொடங்கிய கோடு எனக்கு ஐந்து எட்டுப் பின்னால் கிடந்தது. சே, கால் வைத்தது நீளம் போல என்று மறுபடி செய்தேன். மறுபடி தகரம், மறுபடி மாடு. மூன்றாம் தரம் ஒவ்வொரு கால் தடத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அப்போதுதான் விளங்கியது. ஒன்பதாவதுக்குப் பிறகு சும்மா இடப்பக்கம் திரும்புவதல்ல. பின்பக்கத்தாலே முக்கால் வட்டம் சுற்றி, வலப்பக்கத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். அப்படிச் சுற்றினால்தான் அடுத்த மூன்று குத்தும் தொடங்கிய இடத்தை நோக்கித் திரும்பும். நான் சுருக்கு வழியாகக் கால் வட்டம் மட்டும் திரும்பியிருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் பின்சுவர்ப் பக்கம் திரும்பும்போது நானும் அவர்களைப் பார்த்துத் திரும்பிச் சமாளித்திருக்கிறேன். அவள் அன்றைக்கு முக்கால் வட்டம் சரியாகச் சுற்றி வலப்பக்கம் பார்த்து நின்றாள். அந்தப் பக்கத்தில்தான் நான், இந்த மடையன், அவளை நோக்கிக் குத்திக்கொண்டு வந்தேன்.

"இஞ்சாருங்கோ."

ஆறு நாளைக்குப் பிறகு வந்த முதல் சொல். கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள்.

"அந்த மாடு உங்களுக்கு என்ன செய்தது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கத்தில் முகமும் சுட்டது. அவள் அகப்பையை யன்னலில் வைத்துவிட்டு வந்தாள். நான் கூட்டிய இடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். குனிந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் கீறிய கோட்டில் நின்று, இருபத்தொரு அசைவையும் அவசரமில்லாமல் செய்தாள். கடைசி அசைவை முடித்தபோது அவளுடைய கால் அதே கோட்டில் நின்றது.

"நான்தான் பிழை" என்றேன்.

"என்ன?"

"நான்தான் பிழை எண்டனான்."

"கேக்கேல்லை. இருவத்து நாலு வருசத்திலை நீங்கள் சொன்னது எனக்குக் கேக்காமல் விட்டது இதுதான் முதல் தரம்."

மூன்றாம் முறை சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன், மாடு சாட்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனம் இளகினால் எனக்கு வாய் நிற்காது. "நீர் சோதினைக்கு வாரும். இனி அந்த மண்டபத்திலை என்ரை வாயிலையிருந்து ஒரு சத்தம் வராது. சன்னதி முருகன்மேல் சத்தியம்" என்றேன். அவள் உள்ளே போய், வெள்ளை உடுப்பை எடுத்து ஸ்திரிக்கை போட்டாள்.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலையில். மேசைக்குப் பின்னால் பரீட்சகர் முன்சுவரோடு இருந்தார். முறை வராதவர்களும் முடித்தவர்களும் பின்சுவரோடு இருந்தோம். மனைவியிடம் அவர் கியாய் என்றால் என்ன என்று கேட்டார். கொப்பியில் இருந்ததை அப்படியே ஒப்புவிப்பாள் என்று நினைத்தேன். நானே அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"சேருறது, ஐயா" என்றாள். "மூச்சும் மனமும் கையும் ஒரே நேரத்திலை ஒரே இடத்திலை வந்து சேருறது. சத்தம் வரும், ஆனால் சத்தம் போடுறதுக்காகச் செய்யிறது இல்லை. சேர்ந்ததெண்டு சத்தத்திலை தெரியும்."

ஒன்பதாவது அசைவில் அவளுடைய கியாய் வந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கோ அடியிலிருந்து, ஒரே துண்டாக, கையும் காலும் நின்ற அதே கணத்தில் வந்து நின்றது. பின்சுவரோடு இருந்த எனக்கு வயிற்றில் இடித்தது. இந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க இடம் விட்டால்தானே.

பிறகு என் முறை. டோஜோவின் பொருள் கேட்டார், சொன்னேன். கட்டா தொடங்கினேன். மூன்று அடி முன்னேறி, ஒன்பதாவது. வாய் திறந்தது. சத்தியம் நினைவு வந்தது. மூடிக்கொண்டேன். முக்கால் வட்டம் சுற்றினேன், அச்சில் வார்த்தது போலச் சுற்றினேன். மூன்று குத்தும் பின்சுவரை நோக்கி வந்தது. பதினேழாவது அசைவில் எனக்கு நேரே மனைவியின் முகம். கண்ணை அகல விரித்து, "கத்துங்கோ, கத்துங்கோ" என்று உதட்டால் சொல்கிறாள். அதை நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். சத்தியத்தை நினைவுபடுத்துகிறாளாக்கும். பல்லைக் கடித்தேன். தொடங்கிய இடத்தில் வந்து முடித்தேன், ஒரு விரல் பிசகவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

"கட்டா நல்ல வடிவு. ரெண்டு கியாயும் எங்கை?" என்றார் பரீட்சகர். சென்செய் நெற்றியில் கைவைத்தார். வகுப்பிலேயே பெரிய வாய்க்காரன் சத்தம் போதாமல் தோற்றான். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மனைவிக்குப் பட்டி கிடைத்தது.

பட்டியைச் சன்னதி முருகன் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டும் என்றாள். மோட்டார் சைக்கிளில், கோயில் இருக்கும் தொண்டைமானாற்றுக்குப் போனோம். பாலத்தில் ஏறும்போது தோளில் தட்டி, "நிப்பாட்டுங்கோ" என்றாள்.

"ஏன் சத்தம் விடேல்லை?"

"உமக்குச் சத்தியம் பண்ணினனான் அல்லோ."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. அதோடு சிரிப்பும்.

"விசர் மனிசா, அதுக்கு ஆர் வேண்டாமெண்டது? நான் வேண்டாமெண்டது மற்றதை, ஏசிறதை. இறங்குங்கோ. செருப்பைக் கழட்டுங்கோ."

"பாலத்திலையோ? சனம் பாக்கும்."

"பாக்கட்டும். எங்கை பழகிறமோ அது டோஜோ."

கழற்றினேன். தார் சுட்டது. கீழே ஆற்றில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். குத்தினேன். "டேய்!"

அவர் நிமிர்ந்து, "என்ன அண்ணை?" என்றார்.

"ஒண்டும் இல்லை, நீங்கள் வீசுங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "பாத்தீங்களே, அது அந்த ஆளிட்டைப் போயிட்டுது. ஒருத்தரிட்டையும் போகக் கூடாது. இன்னொருக்கா."

இரண்டாவது சத்தத்துக்கும் அவர் திரும்பினார். இந்த முறை கொஞ்சம் சினத்தோடு. அவள் என் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள், பட்டப்பகலில், நடுப்பாலத்தில். "இஞ்சையிருந்து. என்னோடை கோபமெண்டால் அதை ஒரு பக்கம் வைச்சிட்டு."

மூச்சை இழுத்தேன். எனக்கு யார்மேலும் கோபம் இருக்கவில்லை. அதுவே புதிதாக இருந்தது. குத்தினேன். ஏதோ ஒரு சத்தம் வந்தது, என்ன எழுத்தென்று எனக்குத் தெரியாது.

வலைக்காரர் திரும்பவில்லை. வலை விரிந்து தண்ணீரில் விழுந்தது.

"ஓம்" என்றாள் மனைவி. "இதை வீட்டுக்கும் கொண்டு வரலாம்."